9.996-ல் வழுக்காத ஃபார்முலா: ஆய்வக முடிவுகளை முக்கிய எண்ணுருக்களுக்கு ரவுண்டு செய்வது

கேள்வி: தண்ணீர் மாதிரிகளில் உலோக அளவு பார்க்கிறோம். முடிவுகள் எக்செல்லில் ஒரே நெடுவரிசையில் வருகின்றன. ஒரு செல்லில் 1234.56 இருக்கும், அடுத்த செல்லில் 0.0034567 இருக்கும். ROUND போட்டு இரண்டு தசம இடம் கொடுத்தால் சின்ன எண்கள் எல்லாம் 0.00 ஆகிவிடுகின்றன. எல்லாவற்றையும் மூன்று முக்கிய எண்ணுருக்களுக்குக் கொண்டுவர ஒரே ஃபார்முலா உண்டா? செல் செல்லாக ஃபார்மேட் மாற்ற நேரமில்லை, மேலிருந்து கீழே இழுத்துவிட வேண்டும்.

பதில்:

உண்டு. உங்கள் எண் A2-ல் இருந்தால், அறிக்கையில் அச்சாக வேண்டிய நெடுவரிசைக்கு இதைப் போடுங்கள்:

```
=IF(ISNUMBER(A2),FIXED(A2,2-VALUE(RIGHT(TEXT(A2,"0.00E+00"),3)),TRUE),A2&"")
```

அவசரம் என்றால் இதை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் இணையத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது இது இல்லை, LOG10 வைத்து எழுதிய வேறொன்று. அது பத்தில் ஒன்பது முறை சரியாகவே வேலை செய்யும், பத்தாவது முறை சத்தமில்லாமல் தப்பு செய்யும். அதை நான் பல வருடம் பயன்படுத்தியிருக்கிறேன். அது எங்கே சறுக்குகிறது என்று பார்த்தால்தான் மேலே உள்ளது ஏன் இப்படிச் சுற்றி வளைத்து எழுதப்பட்டிருக்கிறது என்பது புரியும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ROUND-க்கு இரண்டாவதாகக் கொடுக்கும் எண் தசமப் புள்ளிக்கு வலப்பக்கம் எத்தனை இடம் வேண்டும் என்பதைச் சொல்கிறது. அது எதிர்மறையாகவும் இருக்கலாம். -1 கொடுத்தால் பத்துகளுக்கும், -2 கொடுத்தால் நூறுகளுக்கும் ரவுண்டு ஆகும். ஆக, முக்கிய எண்ணுருக்களுக்குத் தனியாக ஒரு ஃபங்ஷன் தேவையில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை தசம இடம் வேண்டும் என்பதை அந்த எண்ணிலிருந்தே கண்டுபிடித்து ROUND-இடம் கொடுத்தால் போதும். 1234.56-க்கு -1 இடம், 87.449-க்கு 1 இடம், 0.0034567-க்கு 5 இடம்.

இதைக் கண்டுபிடிக்க, எண்ணின் முதல் இலக்கம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். 1234.56-ல் முதல் இலக்கம் ஆயிரத்தின் இடத்தில், அதாவது 10-ன் அடுக்கு 3-ல் நிற்கிறது. 0.0034567-ல் முதல் இலக்கமான 3, 10-ன் அடுக்கு -3-ல் நிற்கிறது. மூன்று எண்ணுரு வேண்டுமென்றால் 2-லிருந்து அந்த அடுக்கைக் கழிக்க வேண்டும். 2-3 = -1. 2-(-3) = 5. இவ்வளவுதான் கணக்கு. அடுக்கை எடுக்க எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மடக்கை:

```
=ROUND(A2,2-INT(LOG10(ABS(A2))))
```

1234.56-ன் மடக்கை 3.09, INT அதை 3 ஆக்குகிறது. 0.0034567-ன் மடக்கை -2.46, INT அதை -3 ஆக்குகிறது. இங்கே ஒரு சின்ன விஷயம். INT எப்போதும் கீழ்நோக்கித்தான் போகும், அதனால்தான் -2.46 என்பது -3 ஆகிறது. யாராவது INT-க்குப் பதில் TRUNC போட்டுவிட்டால் -2.46 என்பது -2 ஆகும், தசம இடம் 4 ஆகும், 0.0035 என்று இரண்டே எண்ணுரு கிடைக்கும். 1-க்கு மேற்பட்ட எண்களில் இரண்டும் ஒரே விடை தருவதால் பெரிய எண்களை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. உங்களிடம் பழைய ஷீட் ஏதாவது இருந்து, அதில் சின்ன எண்கள் மட்டும் ஒரு இலக்கம் குறைவாக வந்தால் முதலில் TRUNC இருக்கிறதா என்று தேடுங்கள்.

ABS எதற்கென்றால், எதிர்மறை எண்ணுக்கு மடக்கை கிடையாது. பிளாங்க் கழித்தபின் -0.0012 மாதிரி முடிவு வருவது உலோகப் பரிசோதனையில் சகஜம்தானே. பூஜ்யத்துக்கும் மடக்கை கிடையாது, ஆனால் அதற்கு ABS உதவாது, #NUM! என்று வந்து நிற்கும். அதற்காகப் பலரும் முன்னால் ஒரு IF போட்டுக்கொள்வார்கள்.

சரி, இப்போது இந்த ஃபார்முலாவை 0.05 என்ற எண்ணில் போட்டுப் பாருங்கள். மடக்கை -1.30, INT செய்தால் -2, தசம இடம் 4. ROUND(0.05,4) என்பது 0.05. செல்லில் தெரிவதும் 0.05. மூன்று எண்ணுரு என்றால் அறிக்கையில் 0.0500 என்று வர வேண்டும். ஆனால் எக்செல்லுக்கு 0.05-ம் 0.0500-ம் ஒரே எண்தான். கடைசிப் பூஜ்யங்கள் எண்ணில் கிடையாது, அவை எழுத்தில் மட்டும்தான் இருக்கின்றன. ROUND மதிப்பை மாற்றும், எழுத்தைத் தொடாது. ஆய்வக அறிக்கையைப் படிப்பவருக்கோ அந்த இரண்டு பூஜ்யமும் தகவல். "இந்த இலக்கங்களையும் பார்த்துத்தான் சொல்கிறேன்" என்று அவை சொல்கின்றன.

அதனால் ROUND-க்குப் பதில் FIXED-க்குப் போக வேண்டியிருக்கிறது. FIXED அதே மாதிரிதான் ரவுண்டு செய்யும், எதிர்மறை இடங்களையும் ஏற்கும், ஆனால் விடையை எழுத்தாகத் தரும். கேட்ட தசம இடம் வரை பூஜ்யம் போட்டு நிரப்பியே தரும். மூன்றாவதாக TRUE கொடுத்தால் ஆயிரத்துக்கான காற்புள்ளி வராது. FIXED(0.05,4,TRUE) கொடுத்தால் 0.0500. நான் இந்த இடத்துக்கு வந்தபோது வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கீழே உள்ளதை எல்லா ஷீட்டிலும் போட்டும் விட்டேன்:

```
=FIXED(A2,2-INT(LOG10(ABS(A2))),TRUE)
```

மாட்டிக்கொண்டது 9.996-ல். அதன் மடக்கை 0.9998. INT செய்தால் 0. தசம இடம் 2. FIXED(9.996,2,TRUE) தருவது 10.00. எண்ணிப் பாருங்கள், நான்கு எண்ணுரு. வர வேண்டியது 10.0. ஏன் இப்படி ஆனது? ரவுண்டு செய்வதற்கு முன் இருந்த எண்ணின் அடுக்கை வைத்து இடத்தைக் கணக்கிட்டோம். ரவுண்டு செய்ததும் எண் 9-லிருந்து 10-க்குத் தாவிவிட்டது, முதல் இலக்கம் ஒரு இடம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. நம் கணக்கு அங்கேயே பழைய இடத்தில் நிற்கிறது. 0.09996-க்கும் இதே கதைதான். 0.100 வர வேண்டிய இடத்தில் 0.1000 வரும். 99.97-க்கு 100 வராமல் 100.0 வரும்.

ROUND வைத்துச் செய்தபோது இது ஏன் தெரியவில்லை என்றால், அங்கே விடை 10 என்ற எண். அதில் பூஜ்யங்களே இல்லை, தப்பு ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. எழுத்தாக மாற்றியதும்தான் வெளியே வந்தது. இது எவ்வளவு அரிதானது என்று நினைத்தால், மூன்று எண்ணுருவுக்கு 9.995 முதல் 10 வரை உள்ள சின்ன இடைவெளியில் விழும் எண்கள் மட்டும்தான், பத்தின் மற்ற அடுக்குகளிலும் அப்படியே. சாதாரண மாதிரிகளில் எப்போதாவது வரும். ஆனால் 10.0 அளவுக்குத் தயாரித்த தரக்கட்டுப்பாட்டுக் கரைசலை தினமும் ஓட்டுகிறீர்கள் என்றால் அது 9.996, 10.02, 9.998 என்று அந்த இடத்தையே சுற்றிவரும். எனக்கும் அங்கேதான் தெரிந்தது. ஒரே கரைசலின் முடிவுகள் ஒரு நாள் 10.0, மறுநாள் 10.00 என்று மாறி மாறி இருப்பதைப் பார்த்து, ரெண்டு பேர் ரெண்டு மாதிரி தட்டச்சு செய்கிறீர்களா என்று தணிக்கைக்கு வந்தவர் கேட்டார்.

இதைச் சரிசெய்ய, முதலில் ரவுண்டு செய்துவிட்டு, ரவுண்டு செய்த எண்ணின் அடுக்கை எடுக்க வேண்டும். LOG10-க்குள் ஒரு ROUND, அதற்குள் இன்னொரு LOG10 என்று நுழைத்தால் வேலை நடக்கும், ஆனால் ஆறு மாதம் கழித்து அதை யாரும் படிக்க முடியாது. அதைவிட நல்ல வழி, எக்செல் ஏற்கெனவே இதைச் செய்யும் ஒரு இடம் இருக்கிறது: அறிவியல் குறியீடு. TEXT(9.996,"0.00E+00") என்று கேட்டால் அது 1.00E+01 என்று தரும். 9.996-ஐ மூன்று எண்ணுருவுக்கு ரவுண்டு செய்து, தாவியதைக் கவனித்து, அடுக்கை 1 என்று மாற்றியே தருகிறது. அந்த எழுத்தின் வலது ஓரத்து மூன்று எழுத்துகள், அதாவது +01, நமக்கு வேண்டிய அடுக்கு. RIGHT அதை வெட்டி எடுக்கிறது, VALUE அதை எண்ணாக்குகிறது. மடக்கை என்ற பேச்சே இல்லாததால் பூஜ்யத்தில் #NUM! வராது, எதிர்மறைக்கு ABS-ம் வேண்டாம்.

9.996-க்கு இப்போது கை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். TEXT தருவது 1.00E+01. RIGHT தருவது +01. VALUE தருவது 1. 2-1 = 1. FIXED(9.996,1,TRUE) தருவது 10.0. 0.09996-க்கு 1.00E-01, அடுக்கு -1, தசம இடம் 3, விடை 0.100. உங்கள் 0.0034567-க்கு 3.46E-03, தசம இடம் 5, விடை 0.00346. 1234.56-க்கு 1.23E+03, தசம இடம் -1, விடை 1230. 87.449-க்கு 87.4.

முன்னால் இருக்கும் ISNUMBER எதற்கென்றால், அது இல்லாவிட்டால் இந்த முறைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காலி செல்லைக் கொடுத்தால் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு 0.00 என்று அச்சடித்துவிடும். இன்னும் ஓட்டாத மாதிரிக்கு 0.00 என்று முடிவு போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய LOG10 ஃபார்முலா அந்த இடத்தில் #NUM! என்று கத்தும், அது எவ்வளவோ மேல். ISNUMBER இருப்பதால் காலி செல் காலியாகவே இருக்கும், கண்டறியும் அளவுக்குக் கீழே என்று <0.002 போட்டிருந்தால் அதுவும் கைபடாமல் அப்படியே வரும். நிஜமான 0 இருந்தால் 0.00 வரும். ஆனால் பூஜ்யத்துக்கு முக்கிய எண்ணுரு என்று ஒன்று கிடையாது. அறிக்கையில் வெறும் பூஜ்யம் போவதே சரியில்லை, அறிக்கை வரம்போடு < போட்டுத்தான் போக வேண்டும்.

எல்லா உலோகத்துக்கும் மூன்று எண்ணுரு இல்லை, சிலவற்றுக்கு இரண்டு என்றால், எண்ணிக்கையை B நெடுவரிசையில் வைத்துக்கொண்டு இப்படி எழுதலாம்:

```
=IF(ISNUMBER(A2),FIXED(A2,B2-1-VALUE(RIGHT(TEXT(A2,"0."&REPT("0",B2-1)&"E+00"),3)),TRUE),A2&"")
```

இங்கே TEXT-க்குள் இருக்கும் பூஜ்யங்களின் எண்ணிக்கையும் வெளியே கழிக்கும் எண்ணும் சேர்ந்தே மாற வேண்டும் என்பதுதான் முக்கியம். கையால் எழுதும்போது ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் 9.96 மாதிரி எண்களில் மறுபடியும் அதே தாவல் பிரச்சினை வந்துவிடும். தசமத்துக்குக் காற்புள்ளி போடும் மொழி அமைப்பில் உள்ள கணினியாக இருந்தால் "0.00E+00" என்பதில் உள்ள புள்ளியையும் காற்புள்ளியாக மாற்ற வேண்டும், ஃபங்ஷனுக்குள் பிரிக்கும் குறியும் அரைப்புள்ளியாகிவிடும்.

இனி நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் இதே வழியில்தான் போகப்போகிறீர்கள். FIXED தருவது எழுத்து, எண் இல்லை. அந்த நெடுவரிசையை SUM செய்தால் 0 வரும், AVERAGE செய்தால் #DIV/0! வரும். அதுகூடப் பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். ஆபத்து ஒப்பிடுவதில் இருக்கிறது. எக்செல்லில் எழுத்தையும் எண்ணையும் > போட்டு ஒப்பிட்டால் எழுத்துதான் எப்போதும் பெரியது. ="0.00346">10 என்று போட்டுப் பாருங்கள், TRUE என்று வரும். முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் வரம்பு மீறலைக் காட்டும் நெடுவரிசையை நான் ரவுண்டு செய்த நெடுவரிசையோடு இணைத்துவிட்டேன். அன்று காலை ஓட்டிய அத்தனை மாதிரியும் வரம்பு மீறியதாகச் சிவப்பில் வந்து நின்றன. முதல் பத்து நிமிடம் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து அளவீட்டுக் கோட்டை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தோம். நல்லவேளை, எல்லாமே சிவப்பாக இருந்ததால் சந்தேகம் வந்தது. முடிவு குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே போனதா என்று பார்க்கும் நெடுவரிசையை < போட்டு எழுதியிருந்தால் எல்லாமே தேறியதாகக் காட்டியிருக்கும், ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் மூல எண் நெடுவரிசையை அழிக்காதீர்கள், மறைத்து வையுங்கள் போதும். சராசரி, கூட்டல், நீர்த்த விகிதம் எல்லாம் அதன் மீதே நடக்கட்டும். FIXED நெடுவரிசை அச்சுக்கு மட்டும். ரவுண்டு செய்த எண்ணே, எண்ணாகவே, வேறு கணக்குக்கு வேண்டும் என்றால் இது போதும்:

```
=VALUE(TEXT(A2,"0.00E+00"))
```

இடையில் ரவுண்டு செய்யக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 8.3449 என்ற எண்ணை நேரே மூன்று எண்ணுருவுக்குக் கொண்டுவந்தால் 8.34. கருவியின் மென்பொருள் அதை நான்கு எண்ணுருவாக்கி 8.345 என்று ஏற்றுமதி செய்து, பிறகு நீங்கள் மூன்றாக்கினால் 8.35. இரண்டு முறை ரவுண்டு செய்தால் எண் படியேறிவிடுகிறது. எந்த ஃபார்முலாவாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஷீட்டுக்கு வரும்போதே தகவல் போய்விட்டது. உங்கள் ஏற்றுமதி நெடுவரிசையில் எல்லா எண்ணும் ஒரே எண்ணிக்கை இலக்கத்தோடு வந்தால், கருவி ஏற்கெனவே வெட்டித்தான் அனுப்புகிறது. அதன் அமைப்பில் போய் இலக்க எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரியாக 5-ல் முடியும் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ROUND, FIXED, TEXT மூன்றும் 5-ஐ பூஜ்யத்திலிருந்து விலகித் தள்ளும்: 2.345 என்பது 2.35, 2.365 என்பது 2.37. ஆனால் ASTM E29 என்ற தரநூல் சொல்லும் முறையில் 5-க்குப் பின் எதுவும் இல்லையென்றால் இரட்டைப்படை இலக்கத்துக்குப் போக வேண்டும்: 2.345 என்பது 2.34, 2.365 என்பது 2.36. உங்கள் நடைமுறை ஆவணம் அந்த முறையைக் கேட்டால் மேலே உள்ள ஃபார்முலா அந்த எண்களில் மட்டும் ஒத்துப்போகாது. எக்செல்லுக்குள் இருக்கும் VBA-வின் Round இரட்டைப்படை முறையில் போவதால், பாதி வேலையை மேக்ரோவிலும் பாதியை ஷீட்டிலும் செய்பவர்களுக்கு ஒரே எண்ணுக்கு இரண்டு விடை வரும். கருவியிலிருந்து நீளமான தசமங்களோடு வரும் எண்களில் சரியாக 5-ல் முடிவது அபூர்வம் என்பதால் உலோகப் பரிசோதனையில் நான் இதற்காகத் தூக்கம் கெடவில்லை. எடை போட்டு, பியூரெட் பார்த்து, கையால் எழுதும் எண்களில் அடிக்கடி வரும்.

அதே தரநூல் இன்னொன்றையும் பிரித்துப் பேசுகிறது, அது உங்களுக்கு நேரடியாக உதவும். வரம்போடு ஒப்பிடும்போது ரவுண்டு செய்யாத எண்ணை ஒப்பிடுவது ஒரு முறை, வரம்பில் உள்ள அளவுக்கு ரவுண்டு செய்துவிட்டு ஒப்பிடுவது இன்னொரு முறை. வரம்பு 0.010, முடிவு 0.01046 என்று வையுங்கள். அப்படியே ஒப்பிட்டால் மீறல். இரண்டு எண்ணுருவாக்கி 0.010 என்று ஒப்பிட்டால் தேறியது. எது சரி என்பதை ஷீட் எழுதுபவர் முடிவு செய்யக் கூடாது. விதியிலோ ஒப்பந்தத்திலோ எது சொல்லப்பட்டிருக்கிறதோ அதுதான். அது தெரிந்தபின்தான் எந்த நெடுவரிசையை இணைப்பது என்று தெரியும்.

ஃபார்முலாவால் தீர்க்க முடியாத ஒன்று, பெரிய எண்களின் கடைசிப் பூஜ்யம். 1204 என்பது மூன்று எண்ணுருவில் 1200 ஆகும். படிப்பவர் அதை இரண்டு எண்ணுருவாகவும் எடுக்கலாம், நான்காகவும் எடுக்கலாம். தசமப் புள்ளிக்கு இடப்பக்கம் நிற்கும் பூஜ்யம் பார்த்துச் சொன்னதா, இடத்தை நிரப்ப வந்ததா என்று எழுத்தில் தெரியாது. 1.20E+03 என்று அச்சிடலாம், ஆனால் வாடிக்கையாளர்கள் அதைப் படிக்க விரும்புவதில்லை. லிட்டருக்கு மில்லிகிராமை கிராமாக மாற்றி 1.20 என்று கொடுப்பது எனக்குப் பிடித்த வழி.

எங்கே இதைப் பயன்படுத்தவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே தண்ணீர் மாதிரியின் ஷீட்டில் pH நெடுவரிசையும் இருக்கும், கை பழக்கத்தில் அங்கேயும் இழுத்துவிடுவார்கள். 9.96 என்பது 9.96 ஆகவே வரும், 10.04 என்பது 10.0 ஆகிவிடும். மீட்டர் இரண்டையும் ஒரே நுணுக்கத்தோடுதான் படித்தது, ஆனால் ஒன்றில் ஒரு இலக்கத்தைத் தொலைத்துவிட்டோம். pH என்பதே ஒரு மடக்கை. அதில் முழு எண் பகுதி 10-ன் அடுக்கை மட்டும் சொல்கிறது, துல்லியம் தசமப் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே தசம இடம்தான் சரியான அளவுகோல், சாதாரண ROUND போதும். செல்சியஸ் வெப்பநிலையும் அப்படித்தான். அதன் பூஜ்யம் நாம் வைத்த பூஜ்யம். 25.3 என்று படிக்கும் வெப்பமானி 0.3-ஐ 0.300 என்று படித்ததாகச் சொல்வது வேடிக்கை.

மூன்று எண்ணுரு என்பதே சமமான அளவுகோல் இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். 1.00 என்று ரவுண்டு செய்தால் மேலும் கீழும் 0.005, அதாவது 0.5 சதவீதம் வரை விலகியிருக்கலாம். 9.99 என்றால் அதே 0.005 வெறும் 0.05 சதவீதம். முதல் இலக்கம் 1-லிருந்து 9-க்குப் போகும்போது பத்து மடங்கு நுணுக்கம் கூடிவிடுகிறது, 10.0-க்கு வந்ததும் திரும்பச் சரிகிறது. உங்கள் அளவீட்டின் தரம் அப்படியெல்லாம் ஏறி இறங்குவதில்லை. அதனால் அளவீட்டு நிச்சயமின்மை ஒவ்வொரு முடிவுக்கும் கையில் இருந்தால், எண்ணுருக்களை முடிவிலிருந்து எடுக்காமல் அதிலிருந்து எடுப்பதே மேல். நிச்சயமின்மையை இரண்டு எண்ணுருவாக்கி, அது நிற்கும் தசம இடத்திலேயே முடிவையும் நிறுத்த வேண்டும். அது C2-ல் இருந்தால், அதே தந்திரம்தான், அடுக்கை மட்டும் C2-லிருந்து எடுக்கிறோம்:

```
=FIXED(A2,1-VALUE(RIGHT(TEXT(C2,"0.0E+00"),3)),TRUE)
```

முடிவு 12.3456, நிச்சயமின்மை 0.247 என்றால் TEXT தருவது 2.5E-01, தசம இடம் 2, முடிவு 12.35, பக்கத்தில் 0.25. C2 காலியாக இருந்தால் இதுவும் ஏமாற்றும், அங்கேயும் ISNUMBER போட்டுக்கொள்ளுங்கள்.

ஷீட்டை மற்றவர்களிடம் கொடுப்பதற்கு முன் ஒரு மூலையில் இந்த எட்டு செல்லையும் போட்டு ஃபார்முலாவை இழுத்துப் பாருங்கள்: 1234.56, 9.996, 0.09996, 0.05, -0.0012, 0, ஒரு காலி செல், <0.002. வர வேண்டியவை வரிசையாக 1230, 10.0, 0.100, 0.0500, -0.00120, 0.00, காலி, <0.002. யாராவது ஃபார்முலாவில் கைவைத்தால் முதலில் கலைவது இரண்டாவதும் ஏழாவதும்தான்.